தங்கச்சிக்கு: பிரசவப் பை, 36 வாரத்துக்குள் ரெடியா இருக்கணும்

ஒரே பை, வாசக்கதவுப் பக்கத்துல. வலி வந்தப்புறம் பீரோவைத் திறக்கிற வேலையே கூடாது.

ஃபைல் (முதல்ல இது)
☐ தாய் சேய் நல அட்டை. அதுல இருக்கிற ஆர்.சி.ஹெச். எண்ணை பிறப்புச் சான்றிதழுக்குக் கேப்பாங்க. மாப்பிள்ளை போன்லயும் படம் எடுத்து வைக்கட்டும்.
☐ எல்லா ஸ்கேன் ரிப்போர்ட்டும், ரத்தப் பரிசோதனை, ரத்த வகைச் சீட்டு. எனக்கு அந்தச் சீட்டு அரிசி டப்பா மேல கிடந்துச்சு. ராத்திரி 2 மணிக்கு அப்பா பைக்ல வந்து தேடினார்.
☐ ரெண்டு பேர் ஆதார், ரேஷன் கார்டு, காப்பீட்டு அட்டை, நகல்களோட
☐ உன் பேர்ல இருக்கிற பாஸ்புக் (முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதிக்கு)

உனக்கு
☐ முன்பக்கம் பட்டன் வச்ச நைட்டி 4, உள்ளாடை, பெரிய நாப்கின் 2 பாக்கெட், துண்டு, செருப்பு
☐ ஃபிளாஸ்க், டம்ளர்
☐ நகை எல்லாம் அம்மாகிட்ட

குழந்தைக்கு
☐ அப்பாவோட பழைய பருத்தி வேட்டி, துவைச்சு வெயில்ல காயவச்சு, கிழிச்சு 10 துண்டு. புதுத்துணி உறுத்தும்.
☐ தொப்பி, காலுறை
☐ தேன், சர்க்கரைத் தண்ணி வேண்டாம். பாட்டி சேனை வைக்க வந்தாலும் சீம்பால் மட்டும்தான்.

கூட இருக்கிற அம்மாவுக்கு
☐ பாய், போர்வை, வாளி, மக்கு, சார்ஜர், சில்லறை

பனிக்குடம் உடைஞ்சாலோ, ரத்தம் பட்டாலோ, அசைவு குறைஞ்சாலோ வலிக்காகக் காத்திருக்காத. உடனே 108.