படத்தில் வந்த அகராதிப் பக்கம்: கரகம் முதல் கரம்பை வரை

அக்கா, நூலகத்தில் எடுத்து அனுப்பினீர்களே, அந்தப் பக்கத்தைப் பிரித்து எழுதிவிட்டேன். அகராதியில் பொருள்களை எல்லாம் காற்புள்ளி போட்டு ஒரே மூச்சில் அடுக்கியிருக்கிறார்கள், எது இன்றைக்குப் புழங்குவது எது பாட்டில் மட்டும் வருவது என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. அதனால் வழக்கில் இருப்பதை முன்னால் வைத்தேன். பயன்பாட்டுக் குறிப்புகள் நான் எழுதியவை, பக்கத்தில் இல்லை. தாளில் அப்படியே சொல்லிவிடுங்கள்.

கரகம் (பெயர்ச்சொல்)
பொருள்: நீர்க்குடம், கமண்டலம், ஆலங்கட்டி.
பயன்பாடு: இன்று கரகாட்டம், சக்திக் கரகம் என்றுதான் காதில் விழும். கமண்டலம் என்ற பொருளுக்குத் தொல்காப்பிய மரபியலில் ‘நூலே கரகம் முக்கோல் மணையே’ இருக்கிறது. ஆலங்கட்டி நூல் வழக்கு மட்டும்.

கரகரப்பு (பெயர்ச்சொல்)
பொருள்: தொண்டை அரிப்பு, நைசாக இல்லாத தன்மை.
பயன்பாடு: தொண்டைக்கும் சொல்லலாம், மாவுக்கும் சொல்லலாம்.

கரட்டான் (பெயர்ச்சொல்)
பொருள்: ஓணான்.
பயன்பாடு: வட்டார வழக்கு. கட்டுரையில் ஓணான் என்றே எழுதச் சொல்லுங்கள்.

கரடு (பெயர்ச்சொல்)
பொருள்: சொரசொரப்பு, மரத்தின் கணு, சிறு குன்று.
பயன்பாடு: தனியாக வந்தால் பெரும்பாலும் குன்றுதான், ‘கரட்டுல ஆடு மேயுது’ என்பது போல. சொரசொரப்புக்குக் கரடுமுரடு என்ற இணைமொழியாக வரும். அடுத்த சொல்லோடு சேரும்போது டகரம் இரட்டிக்கும்: கரட்டு நிலம்.

கரண்டி (பெயர்ச்சொல்)
பொருள்: குழம்பு முதலியன அள்ளும் கருவி, கொத்தனார் பூசும் கருவி.
பயன்பாடு: எல்லோருக்கும் தெரிந்தது, விட்டுவிடலாம்.

கரணம் (பெயர்ச்சொல்)
பொருள்: 1. தலைகீழாகப் புரளுதல். 2. கருவி. 3. மனம் முதலிய அகக்கருவி. 4. திருமணச் சடங்கு. 5. கூத்தின் நிலை. 6. பஞ்சாங்க உறுப்புகளில் ஒன்று. 7. ஊர்க் கணக்கர்.
பயன்பாடு: பக்கத்திலேயே கனமான சொல் இதுதான், ஒரு வகுப்பு முழுக்க இதற்கே போகும். முதல் பொருள் குட்டிக்கரணத்திலும் ‘கரணம் தப்பினால் மரணம்’ என்ற பழமொழியிலும் இருக்கிறது. மூன்றாவது, அந்தக்கரணம்: மனம், புத்தி, சித்தம், அகங்காரம். நான்காவதற்குத் தொல்காப்பியக் கற்பியலின் ‘பொய்யும் வழுவும் தோன்றிய பின்னர் ஐயர் யாத்தனர் கரணம் என்ப’ என்ற நூற்பாவைக் காட்டுங்கள், எப்படியும் தேர்வில் வருவதுதான். ஐந்தாவது நாட்டியத்தில் 108. சிதம்பரம் கோபுரத்தில் சிற்பமாகவே பார்க்கலாம், தஞ்சைப் பெரிய கோயிலில் 81 மட்டும் செதுக்கி மிச்சத்தை அப்படியே விட்டிருக்கிறார்கள். ஆறாவது, திதியில் பாதி. ஏழாவது வழக்கொழிந்தது.

கரணை (பெயர்ச்சொல்)
பொருள்: நடுவதற்கு வெட்டிய கரும்புத் துண்டு, கொத்தனார் கரண்டி.
பயன்பாடு: ‘இருபருக் கரணை’ என்று கரும்பு போடுகிறவர்கள் இன்றும் சொல்வார்கள். ஒன்று கவனியுங்கள்: படத்தில் ‘ணை’ பழைய தும்பிக்கை எழுத்தில் இருக்கிறது, 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவம். படத்தை அப்படியே பிரதி எடுத்துக் கொடுத்தால் பிள்ளைகள் அந்த எழுத்திலேயே நின்றுவிடுவார்கள்.

கரத்தல் (தொழிற்பெயர், வினையடி: கர)
பொருள்: மறைத்தல், இருப்பதைக் கொடுக்காமல் ஒளித்தல்.
பயன்பாடு: பேச்சில் இல்லை. ‘காக்கை கரவா கரைந்துண்ணும்’ (குறள் 527). இங்கே கரவா என்றால் மறைக்காமல். கரைந்து என்பது வேறு வினை, கூவி அழைத்து என்று பொருள். இரண்டையும் ஒன்றாக நினைத்துப் பொருள் எழுதுகிறவர்கள் உண்டு, முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கரப்பான் (பெயர்ச்சொல்)
பொருள்: ஒருவகைத் தோல் நோய், கரப்பான்பூச்சி.
பயன்பாடு: ‘கத்தரிக்காய் கரப்பான், சேர்க்காதே’ என்று பாட்டிகள் சொல்வது முதல் பொருளில்.

கரம் (1. பெயர்ச்சொல் 2. சாரியை)
பொருள்: 1. கை, யானையின் துதிக்கை, ஒளிக்கதிர், வரி. 2. குறில் எழுத்தின் பெயரோடு சேர்வது.
பயன்பாடு: கை என்ற பொருளில் மேடைப் பேச்சுக்கும் அழைப்பிதழுக்கும் உரிய சொல், ‘கரத்தில் அடிபட்டது’ என்று யாரும் சொல்வதில்லை. சாரியையாக: அகரம், மகரம். நெடிலுக்குக் காரம் (ஆகாரம்), ஐ, ஔ இரண்டுக்கும் கான் என்பதும் உண்டு (ஐகான், ஔகான்). அகராதி இரண்டையும் ஒரே பதிவில் போட்டிருக்கிறது, நான் எண் கொடுத்துப் பிரித்தேன்.

கரம்பு (பெயர்ச்சொல்)
பொருள்: பயிர் செய்யாத நிலம்.
பயன்பாடு: ‘கரம்பாகக் கிடக்கிறது’ என்பதே இயல்பான தொடர்.

கரம்பை (பெயர்ச்சொல்)
பொருள்: குளத்தடியில் காய்ந்த வண்டல் மண்.
பயன்பாடு: கோடையில் வண்டி வண்டியாக அள்ளி வயலுக்கு அடிப்பார்கள், தென் மாவட்டங்களில் தலைக்குத் தேய்த்துக் குளிப்பதும் உண்டு. மேலே உள்ள கரம்போடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

படத்தின் அடியில் இன்னொரு சொல்லின் தலை மட்டும் தெரிகிறது, அதை ஊகித்து எழுதவில்லை. அடுத்த பக்கத்தை எடுக்கும்போது நடுமடிப்பைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்து எடுங்கள், இதில் இடப்பக்கப் பத்தியின் கடைசி எழுத்துகள் எல்லாம் வளைந்து போயிருக்கின்றன.