2025-26 ஆண்டுச் சம்பள உயர்வு: ஊழியர்களுக்கான சுற்றறிக்கை

திருப்பூர்
21 ஏப்ரல் 2025

பெறுநர்: அலுவலகம், மெர்ச்சண்டைசிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் ஆகிய பிரிவுகளின் மாதச் சம்பள ஊழியர்கள் அனைவரும்

வணக்கம்.

இந்த ஆண்டுக்கான சம்பள உயர்வு 1 ஏப்ரல் 2025 முதல் நடைமுறைக்கு வருகிறது. மே 7-ஆம் தேதி வங்கிக் கணக்கில் ஏறும் ஏப்ரல் சம்பளத்திலேயே உயர்ந்த தொகை இருக்கும். நிலுவை என்று எதுவும் வராது. அவரவர் உயர்வுக் கடிதம் 26-ஆம் தேதி சனிக்கிழமை, மூடிய உறையில், துறைத் தலைவர் மூலம் கைக்கு வரும்.

அமெரிக்க வரி அறிவிப்பு வந்ததிலிருந்து "இந்த வருஷம் இன்கிரிமென்ட் உண்டா?" என்று பலரும் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். ஆர்டர் நிலவரம் எப்படி இருந்தாலும், போன ஆண்டு செய்த வேலைக்கான உயர்வைத் தள்ளிப்போடக் கூடாது என்பதில் நிர்வாகம் உறுதியாக இருந்தது.

30 செப்டம்பர் 2024 அல்லது அதற்கு முன் சேர்ந்தவர்கள் எல்லோருக்கும் இந்த உயர்வு உண்டு. அதற்குப் பிறகு சேர்ந்தவர்களின் சம்பளம் 1 அக்டோபர் 2025 அன்று பரிசீலிக்கப்படும். பீஸ் ரேட் மற்றும் ஷிப்ட் கூலித் தொழிலாளர்களுக்குத் தொழிற்சங்க ஒப்பந்தப்படி தனியாகக் கூலி நிர்ணயமாவதால், இந்தச் சுற்றறிக்கை அவர்களுக்குப் பொருந்தாது.

உயர்வு இரண்டு பகுதியாக வருகிறது. தகுதியுள்ள அனைவருக்கும் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் 5 சதவீதம் பொது உயர்வு. அதற்கு மேல், மார்ச் மதிப்பீட்டில் 'ஏ' பெற்றவர்களுக்கு 7 சதவீதம், 'பி' பெற்றவர்களுக்கு 4, 'சி' பெற்றவர்களுக்கு 2.

மதிப்பீட்டில் பார்த்தது வேலையின் தரம், குறித்த நாளில் முடித்தது, வருகை, கூட வேலை செய்பவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது ஆகிய நான்கும்தான். இதில் ஒரு மாற்றம் உண்டு. தையல் லைனிலிருந்து சரக்கு ராத்திரி எட்டு மணிக்கு வந்தால் பேக்கிங் எப்படி நேரத்துக்கு முடியும் என்று பேக்கிங் பிரிவினர் ஜனவரிக் கூட்டத்தில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதனால் முந்தைய பிரிவில் ஏற்பட்ட தாமதம் எதுவும் இந்த முறை அடுத்த பிரிவின் கணக்கில் சேர்க்கப்படவில்லை. பையர் இன்ஸ்பெக்‌ஷனில் ரிஜெக்ட் ஆன சரக்குக்கும் அப்படியே: துணியில் இருந்த குறைக்கு லைன் சூப்பர்வைசர் பொறுப்பாக்கப்படவில்லை.

மகப்பேறு விடுப்பில் இருந்தவர்களுக்கு, வேலைக்கு வந்த மாதங்களை மட்டும் வைத்தே கிரேடு போடப்பட்டது. விடுப்பு நாட்கள் வருகைக் குறைவாகக் கருதப்படவில்லை. இப்போது விடுப்பில் இருப்பவர்களுக்குக் கடிதம் வீட்டு முகவரிக்குப் பதிவுத் தபாலில் வரும்.

கைக்கு எவ்வளவு கூடும் என்பதற்கு ஓர் உதாரணம். அடிப்படையும் பஞ்சப்படியும் 16,000 ரூபாய், மற்ற படிகள் 3,000, ஆக மொத்தம் 19,000 வாங்கும் ஒரு சூப்பர்வைசருக்கு 'பி' கிரேடு என்று வைத்துக்கொள்வோம். 16,000-க்கு 9 சதவீதம், அதாவது 1,440 ரூபாய் கூடி, மொத்தச் சம்பளம் 20,440 ஆகும். 15,000 ரூபாய் உச்சவரம்பின் மீதே நாம் பிஎஃப் பிடிப்பதால் அந்த 1,800 ரூபாய் அப்படியே இருக்கும். இஎஸ்ஐ மட்டும் 143-லிருந்து 154 ஆகும். கையில் கூடுவது 1,429 ரூபாய். அடிப்படையும் பஞ்சப்படியும் 15,000-க்குக் கீழே இருப்பவர்களுக்கு பிஎஃப் பிடித்தமும் சற்று ஏறும். அதே அளவு தொகையை நிறுவனமும் செலுத்தும்.

ஓவர்டைம் நீங்கலாக மாதச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டுபவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். ஏப்ரலில் புதிய பங்களிப்புக் காலம் தொடங்குவதால் இந்த மாதத்திலிருந்தே உங்களுக்கு இஎஸ்ஐ பிடித்தம் நிற்கும். மார்ச் வரை கட்டிய பங்களிப்புக்கான பலன் காலம் டிசம்பர் 31 வரை இருக்கிறது. எனவே அட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். குடும்பத்தில் யாராவது தொடர் சிகிச்சையில் இருந்தால் இப்போதே மனிதவளப் பிரிவில் சொல்லுங்கள். 1 ஜனவரி 2026 முதல் உங்களையும் குடும்பத்தையும் நிறுவனத்தின் குழு மருத்துவக் காப்பீட்டில் சேர்க்கிறோம்; பிரீமியம் முழுவதையும் நிறுவனமே கட்டும்.

சந்தேகம் இருந்தால் மனிதவளப் பிரிவின் சம்பள உதவி மேலாளரைக் கேளுங்கள்: நிர்வாகக் கட்டடம், முதல் தளம், இன்டர்காம் 214. ஏப்ரல் 28 முதல் மே 10 வரை, விடுமுறை நாள் தவிர, மாலை 3 முதல் 5 மணி வரை இதற்காகவே அவர் இடத்தில் இருப்பார். லைனை விட்டு வர முடியாதவர்கள் சூப்பர்வைசரிடம் சொன்னால் மாற்று ஆள் போட்டு அனுப்புவார்கள். அந்த நேரம் சம்பளத்தில் கழியாது.

கிரேடு சரியில்லை என்று நினைப்பவர்கள் மே 10-க்குள் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். தமிழில், கையெழுத்தில் இருந்தால் போதும். மதிப்பீடு செய்தவர் அல்லாத வேறொரு துறைத் தலைவர் அதைப் பார்த்து, மே 24-க்குள் எழுத்தில் பதில் தருவார். கிரேடு மாறினால் வித்தியாசத் தொகை ஏப்ரல் 1 முதல் கணக்கிட்டு, மே மாதச் சம்பளத்தோடு வரும்.

பொது மேலாளர் (மனிதவளம்)

நகல்: துறைத் தலைவர்கள், கணக்குப் பிரிவு, மூன்று யூனிட்டுகளின் அறிவிப்புப் பலகைகள்