தொடர்ந்து தாமதமாக வந்தது குறித்து – மேற்பார்வையாளருக்குக் கடிதம்

24.05.2025
காசிமேடு

ஐயா, வணக்கம்.

இந்த மாதம் ஐந்து நாள் 8 மணி ஷிப்ட்டுக்குத் தாமதமாக வந்திருக்கிறேன். வருகைப் பதிவேட்டில் பார்த்துக் குறித்தேன்: 5ஆம் தேதி 8.17, 9ஆம் தேதி 8.24, 13ஆம் தேதி 8.11, 19ஆம் தேதி 8.31, 22ஆம் தேதி 8.19. மொத்தம் 102 நிமிடம். நீங்கள் இரண்டு முறை வாயால் சொன்ன பிறகும் இது நடந்திருக்கிறது. தவறு என்னுடையது.

எர்ணாவூரிலிருந்து எண்ணூர் விரைவு சாலை வழியாக பைக்கில் வருகிறேன். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசையில் நின்றுவிட்டால் அந்தச் சாலையில் பைக் நுழையவும் இடம் இருக்காது. ஆனால் லாரி வரிசை இன்று நேற்று வந்ததல்ல. அது தெரிந்தும் 7.20க்குத்தான் கிளம்பினேன். சாலை காலியாக இருந்தால் மட்டுமே சரியாக வரும் கணக்கு அது. 5, 19 தேதிகளில் தண்ணீர் லாரி வந்து, குடம் நிரப்பி வைத்துவிட்டுக் கிளம்பினேன். அன்றும் உங்களுக்கு போன் செய்தது 8 மணிக்குப் பிறகுதான்.

இதனால் வேலைக்கு என்ன ஆனது என்பதும் எனக்குத் தெரியும். டயல் கேஜ், மைக்ரோமீட்டர் இருக்கும் அலமாரியின் சாவி என்னிடம் இருக்கிறது. நான் வராமல் ஷாஃப்டை வி பிளாக்கில் வைத்து வளைவு பார்க்க முடியாது. வளைவு பார்க்காமல் லேத்தில் கட்ட முடியாது, கீவே வெட்டுபவருக்கும் வேலை போகாது. ஒருவன் 20 நிமிடம் பிந்தினால் மூன்று பேர் நிற்கிறார்கள். 19ஆம் தேதி படகுக்காரர் 9 மணிக்கு வந்தபோது அவருடைய ஷாஃப்ட் இன்னும் லேத்தில்தான் இருந்தது. அவருக்குப் பதில் சொல்ல வேண்டிய நிலை உங்களுக்கு வந்தது. தடைக்காலம் ஜூன் 14இல் முடிவதற்குள் படகுகளைத் தயார் செய்தாக வேண்டிய நேரத்தில் இப்படிச் செய்தது பெரிய பிழை. உங்களிடமும், எனக்காகக் காத்து நின்றவர்களிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.

நேற்று முதல் வழியை மாற்றிவிட்டேன். 6.40க்கு வீட்டிலிருந்து கிளம்பி, விம்கோ நகர் மெட்ரோவில் பைக்கை நிறுத்தி, தண்டையார்பேட்டையில் இறங்கி நடந்து வருகிறேன். நடை மட்டும் 20 நிமிடம். நேற்று 7.41க்கும் இன்று 7.38க்கும் பட்டறையில் இருந்தேன். ஒரு ரயிலைத் தவறவிட்டாலும் 8 மணிக்குள் வந்துவிடலாம். மெட்ரோவில் கோளாறு என்றால் பக்கத்திலேயே விம்கோ நகர் மின்சார ரயில் இருக்கிறது. சரக்கு ரயிலுக்காக அது நின்று நின்று வருவதுண்டு என்பதால் அதை அவசரத்துக்கு மட்டும் வைத்திருக்கிறேன். விரைவு சாலையை இனி காலையில் நம்பப் போவதில்லை.

தண்ணீர் பிடிக்கும் வேலையைத் தம்பி ஏற்றுக்கொண்டான். 200 லிட்டர் டிரம் ஒன்றும் வாங்கி வைத்துவிட்டோம், ஒரு நாள் லாரி தவறினாலும் சமாளிக்கலாம்.

அலமாரிச் சாவிக்கு ஒரு நகல் எடுத்து இன்றே இந்தக் கடிதத்தோடு தருகிறேன். அலுவலக மேசையில் இருக்கட்டும். இது முன்பே செய்திருக்க வேண்டியது. மாலை கிளம்பும் முன் மறுநாள் முதல் ஷாஃப்டை வி பிளாக் பக்கத்தில் எடுத்து வைத்து, அளவுச் சீட்டை அதிலேயே கட்டிவிடுகிறேன், தேவையான டூலையும் தீட்டி வைக்கிறேன். காய்ச்சல் என்று நான் ஒரு நாள் வராவிட்டாலும் வேறொருவர் 8 மணிக்கே தொடங்கலாம்.

வழியில் ஏதாவது சிக்கல் என்றால் 7.15க்குள் உங்களுக்கு போன் செய்து, எத்தனை மணிக்கு வருவேன் என்று சொல்லிவிடுவேன். நீங்கள் எடுக்காவிட்டால் வாட்ஸ்அப்பில் போடுகிறேன்.

இழந்த 102 நிமிடத்துக்கு, 26ஆம் தேதி திங்கள் முதல் வியாழன் வரை நான்கு நாள் ஷிப்ட் முடிந்ததும் 26 நிமிடம் கூடுதலாக வேலை செய்கிறேன். அதற்கு ஓவர்டைம் வேண்டாம். கீவே பிரிவில் தேங்கியிருக்கும் கப்ளிங்குகளை அந்த நேரத்தில் முடித்துத் தர எண்ணம், வேறு வேலை சொன்னாலும் சரி.

ஜூன் 14 வரை ஒவ்வொரு சனிக்கிழமையும் என் வருகைப் பதிவை நீங்கள் ஒருமுறை பார்க்க வேண்டுகிறேன். அதற்குள் மறுபடி இரண்டு முறை தாமதமானால், காலை முதல் வேலையையும் அலமாரிச் சாவியையும் வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள், விதிப்படி சம்பளத்திலும் பிடித்துக்கொள்ளுங்கள். நான் மறுப்புச் சொல்ல மாட்டேன்.

இதில் எதையாவது மாற்ற வேண்டும் என்று நினைத்தால், இன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் பத்து நிமிடம் கொடுங்கள், வந்து பேசுகிறேன்.

இப்படிக்கு,
மு. சேகர்
லேத் பிரிவு, காலை ஷிப்ட்

இணைப்பு: அலமாரிச் சாவி நகல் – 1