வரலாறு, தரம் 11: கட்டுரை விடை திருத்தமும் புள்ளி விளக்கமும்

இரண்டாம் தவணை மீட்டல் பயிற்சி, வெள்ளவத்தை மாலை வகுப்பு

வினா: கோல்புறூக் – கமரன் சீர்திருத்தங்கள் இலங்கையின் அரசியல், பொருளாதாரத் துறைகளில் ஏற்படுத்திய மாற்றங்களை ஆராய்க. (20 புள்ளிகள்)

புள்ளித்திட்டம்: கருத்துக்கு 8, சான்றுக்கு 8, அமைப்புக்கு 4. எதிர்பார்க்கும் கருத்துகள் நான்கு: ஒருமித்த நிர்வாகம், சட்டநிரூபண சபை, இராஜகாரிய ஒழிப்பு, ஏகபோக ஒழிப்பு. ஒவ்வொன்றுக்கும் கருத்தில் 2, சான்றில் 2. அமைப்பில் முன்னுரைக்கு 1, உடற்பகுதிக்கு 2, முடிவுரைக்கு 1.

மாணவியின் விடை (எழுதியபடியே)

[1] ஆங்கிலேயர் 1796 இல் கரையோரத்தைக் கைப்பற்றினர். 1815 மார்ச் 2 ஆம் திகதி கண்டி ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டது. இதனால் கண்டி இராச்சியமும் அவர்கள் வசமானது. 1818 இல் ஊவாவில் நடந்த கிளர்ச்சி அடக்கப்பட்டது. இதன் பின்னர் 1829 இல் கோல்புறூக் தலைமையில் ஆணைக்குழு இலங்கைக்கு வந்தது. அதன் சிபார்சுகள் 1833 இல் நடைமுறைக்கு வந்தன. இவை பல மாற்றங்களை ஏற்படுத்தின.

[2] அதுவரை கரையோரமும் கண்டியும் வெவ்வேறாக ஆளப்பட்டன. சீர்திருத்தத்தின் பின் முழு நாடும் ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தது. நாடு வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு, மத்திய என 5 மாகாணங்களாகப் பிரிக்கப்பட்டது. சட்டநிரூபண சபை அமைக்கப்பட்டது. அதில் 15 உறுப்பினர் இருந்தனர். 9 பேர் உத்தியோகப்பற்றுள்ளவர்கள். 6 பேர் உத்தியோகப்பற்றற்ற இலங்கையர். அவர்களை மக்கள் தெரிவு செய்தனர். தேசாதிபதியின் தனி அதிகாரம் குறைந்தது. இதனால் இலங்கையில் மக்களாட்சி ஏற்பட்டது.

[3] பொருளாதாரத்தில் இராஜகாரிய முறை ஒழிக்கப்பட்டது. மக்கள் கூலி இன்றி வேலை செய்யும் கடமையிலிருந்து விடுபட்டனர். விடுபட்ட கண்டி மக்கள் கோப்பித் தோட்டங்களில் வேலைக்குச் சென்றனர். இதனால் கோப்பிப் பயிர்ச்செய்கை வளர்ந்தது. அத்துடன் கறுவா ஏகபோகமும் நீக்கப்பட்டது. கொழும்பில் கறுவாத்தோட்டம் என்ற இடம் இன்றும் உள்ளது.

[4] இவ்வாறு கோல்புறூக் சீர்திருத்தங்கள் இலங்கைக்குப் பல நல்ல மாற்றங்களை ஏற்படுத்தின.

[5] மேலும் நுவரகலாவிய பிரதேசம் வட மாகாணத்துடன் சேர்க்கப்பட்டது. இப்படிப் பிரித்ததால் கண்டி இராச்சியத்தின் பழைய எல்லையே இல்லாமல் போனது. மீண்டும் கிளர்ச்சி வராமல் இருக்கவும் இது உதவியிருக்கும்.

திருத்தம்

பிள்ளை, உம்முடைய தாளை இரண்டு தரம் வாசித்தேன். முதல் வாசிப்பில் நான்காம் பந்தி வரைக்கும் பார்த்துவிட்டு, “சரி, பாடப்புத்தகத்தை ஒழுங்காகப் படித்திருக்கிறார்” என்று நினைத்தேன். பிறகு முடிவுரைக்குக் கீழே, தாளின் ஓரத்தில் நெருக்கி எழுதிய அந்த மூன்று வரிகளைக் கண்டேன். இந்த விடையில் மிகச் சிறந்த பகுதி அதுதான். நீர் நேரம் முடியும்போது ஞாபகம் வந்து எழுதியிருப்பீர். ஆனால் அங்கேதான் நீர் வரலாறு எழுதத் தொடங்கியிருக்கிறீர்.

ஏன் என்று சொல்கிறேன். “5 மாகாணங்களாகப் பிரிக்கப்பட்டது” என்பது தகவல். வகுப்பில் எல்லாரும் அதை எழுதியிருக்கிறார்கள். நுவரகலாவிய வட மாகாணத்துக்குப் போனது என்றதும் அந்தத் தகவல் ஒரு இடத்தில் கால் பதிக்கிறது. அதனால் கண்டியின் எல்லை மறைந்தது, கிளர்ச்சிக்கான அடித்தளம் தளர்ந்தது என்று நீர் சொல்லும்போது சான்று ஒரு கருத்தைத் தாங்கி நிற்கிறது. “ஆராய்க” என்று வினாவில் இருப்பது இதைத்தான் கேட்கிறது. “உதவியிருக்கும்” என்று நிதானமாக எழுதியதும் எனக்குப் பிடித்தது. ஆங்கிலேயரின் மனத்தில் அதுதான் இருந்தது என்று அடித்துச் சொல்ல உம்மிடம் ஆதாரம் இல்லை, அதனால் சொல்லவும் இல்லை. ஆக, ஒருமித்த நிர்வாகத்துக்குக் கருத்தில் 2, சான்றில் 2, முழுப் புள்ளி. ஐந்தாம் பந்தி இடம் மாறி இருந்ததற்காகக் கருத்தில் குறைக்கவில்லை. அது அமைப்பில் வரவேண்டிய கணக்கு.

இனி சட்டநிரூபண சபை. 15, 9, 6 மூன்று எண்களும் சரி. ஆனால் அந்த 6 பேரும் இலங்கையர் அல்லர். மூவர் ஐரோப்பியர், மற்றவர்கள் ஒரு சிங்களவர், ஒரு தமிழர், ஒரு பறங்கியர். அவர்களை மக்கள் தெரிவு செய்யவும் இல்லை, தேசாதிபதிதான் நியமித்தார். தெரிவு செய்யப்பட்ட உறுப்பினர் ஒருவர் சபைக்கு வர 1910 சீர்திருத்தம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. படித்த இலங்கையருக்கென அப்போது ஒதுக்கிய ஓர் ஆசனத்துக்கு நடந்த தேர்தலில்தான் பொன்னம்பலம் இராமநாதன் வென்றார். அதற்கும் வாக்களித்தவர்கள் ஒரு சிறு கூட்டம் மட்டுமே. இதை அறிந்தால் “மக்களாட்சி ஏற்பட்டது” என்ற வரியை நீரே வெட்டுவீர்.

தேசாதிபதியின் தனி அதிகாரம் குறைந்தது என்பது ஏற்கக்கூடிய கருத்து, அதற்கு 1 தந்தேன். மற்ற 1 ஐத் தராததற்குக் காரணம், அடுத்த வரியில் நீரே அதை அளவுக்கு மீறி இழுத்துவிட்டீர். 9 பேர் அரசாங்க உத்தியோகத்தர், 6 பேர் வெளியார் என்றால் வாக்கெடுப்பில் யார் பக்கம் வெல்லும்? உம்முடைய எண்களே உம்முடைய முடிவுக்கு எதிராகச் சாட்சி சொல்கின்றன. சான்றை எழுதிய பிறகு, அது என்ன சொல்கிறது என்று ஒரு நிமிடம் நின்று கேட்க வேண்டும். சான்றில் 1.

மூன்றாம் பந்தியில் எனக்கு உண்மையில் மனவருத்தம் வந்தது, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். இராஜகாரியம் ஒழிக்கப்பட்டது, கூலியில்லா வேலை நின்றது, அதுவரை சரி. கருத்தில் 1. ஆனால் விடுபட்ட கண்டி மக்கள் கோப்பித் தோட்டங்களுக்குப் போனார்கள் என்று எழுதியிருக்கிறீர். ஆணைக்குழு எதிர்பார்த்தது ஏறக்குறைய அதுதான். கட்டாய வேலை நீங்கினால் சந்தையில் கூலியாட்கள் கிடைப்பார்கள் என்ற எண்ணம் அதில் இருந்தது. நடந்தது வேறு. கண்டிக் கிராமத்தவருக்குச் சொந்த வயலும் சேனையும் இருந்தன. காடு வெட்டப் போனவர்கள் உண்டு, ஆனால் தோட்டத்திலேயே தங்கி ஆண்டு முழுக்க வேலை செய்யப் பெரும்பாலானோர் விரும்பவில்லை. அந்த இடத்தை நிரப்பத் தென்னிந்தியாவிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தார்கள். மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியே கால்நடையாக வந்தவர்களில் எத்தனையோ பேர் காய்ச்சலிலும் பசியிலும் வழியிலேயே இறந்தார்கள். உம்மோடு ஒரே வாங்கில் இருக்கும் பிள்ளைகளில் சிலருடைய குடும்பக் கதை இது. உம்முடைய அந்த ஒரு வரியில் அவர்கள் அத்தனை பேரும் காணாமல் போய்விடுகிறார்கள். வேண்டுமென்று நீர் அப்படி எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். “அப்படித்தான் நடந்திருக்க வேண்டும்” என்று ஊகித்து எழுதியதன் விளைவு அது. சான்று எதுவும் இல்லை என்பதால் இங்கே 0.

என்ன சான்று எழுதியிருக்கலாம்? பார்ன்ஸ் தேசாதிபதி காலத்தில் கொழும்பு – கண்டி வீதி இராஜகாரிய உழைப்பைக் கொண்டு போடப்பட்டது. அந்த முறை மக்களை எப்படி வாட்டியது என்பதற்கு இது நல்ல உதாரணம். விகாரை, தேவாலய நிலங்களில் சேவைக்கடமை தொடர்ந்தது என்று எழுதினால் இன்னும் நுட்பமாக இருக்கும். ஒழிப்பு முழுமையானது அல்ல என்று காட்டலாம்.

கறுவாத்தோட்டம் பற்றி யோசித்து யோசித்துத்தான் புள்ளி போட்டேன். பஸ்ஸில் தினமும் கேட்கும் பெயரைப் பரீட்சைத் தாளுக்குக் கொண்டுவந்தது நல்ல கண். ஆனால் அந்தப் பெயர் எதற்குச் சான்று? ஒல்லாந்தர் காலத்திலிருந்து அங்கே கறுவா பயிரிடப்பட்டதற்குச் சான்று. 1833 இல் ஏகபோகம் நீங்கியதற்கு அது சான்றாகாது. “கொழும்பிலேயே அரசாங்கம் தன் கையில் வைத்திருந்த கறுவா வர்த்தகம் தனியாருக்குத் திறந்துவிடப்பட்டது” என்று ஒரு பாலம் போட்டிருந்தால் முழுப் புள்ளி. இப்போதைக்குச் சான்றில் ½. கருத்தில் 1 மட்டும், ஏனென்றால் நீங்கியது என்று சொன்னீர், நீங்கியதால் என்ன மாறியது என்று சொல்லவில்லை.

அமைப்பு. முன்னுரையில் ஏழு வரி இருக்கிறது, ஆறு வரி வினாவுக்கு முந்திய காலத்தையும் ஆணைக்குழுவின் வருகையையும் சொல்கிறது. ஏழாவது வரி “பல மாற்றங்கள்” என்கிறது, எந்த மாற்றம் என்று சொல்லவில்லை. 1818 ஐ விட்டுவிடவேண்டாம், ஐந்தாம் பந்திக் கருத்துக்கு அது தேவை. 1796 உம் 1815 உம் ஒரே வரியில் அடங்கும். ½. உடற்பகுதியை அரசியல், பொருளாதாரம் என்று பிரித்தது தெளிவு, ஆனால் சிறந்த கருத்து வெளியே விழுந்து கிடக்கிறது. 1. முடிவுரை எந்தக் கட்டுரைக்கும் பொருந்தும் ஒரு வரி, அதோடு “நல்ல மாற்றங்கள்” என்ற தீர்ப்புக்கு மேலே ஒரு நியாயமும் இல்லை. 0.

கணக்கு: கருத்து 2 + 1 + 1 + 1 = 5. சான்று 2 + 1 + 0 + ½ = 3½. அமைப்பு ½ + 1 + 0 = 1½. மொத்தம் 10/20.

எழுத்துப்பிழைக்குக் குறைக்கவில்லை. உம்முடைய கையெழுத்து வாசிக்க இலகு, நன்றி.

செய்யவேண்டியது

முழுக் கட்டுரையையும் திரும்ப எழுத வேண்டாம். இரண்டாம் பந்தியையும் மூன்றாம் பந்தியையும் மட்டும் எழுதும். இரண்டாம் பந்தி எப்படித் தொடங்கலாம் என்று, உம்முடைய சொற்களையே வைத்துக் காட்டுகிறேன்:

“1818 கிளர்ச்சி அடக்கப்பட்ட பின்னரும் கண்டி தனி நிர்வாகத்தின் கீழேயே இருந்தது. 1833 இல் நாடு 5 மாகாணங்களாகப் பிரிக்கப்பட்டபோது நுவரகலாவிய வட மாகாணத்துடன் சேர்ந்தது. கண்டி இராச்சியத்தின் பழைய எல்லை மறைந்தது. ஆகவே இந்தப் பிரிப்பு நிர்வாக வசதியோடு நிற்காமல், கண்டியின் தனித்துவத்தையும் பலவீனமாக்கியது.”

நீர் எழுதியவற்றை ஒழுங்கு மாற்றி வைத்தேன், நிர்வாக வசதி என்பதையும் கண்டியின் தனித்துவம் பலவீனமானது என்பதையும் மட்டும் சேர்த்தேன். சட்டநிரூபண சபையை இதன் பிறகு ஒரு புதுப் பந்தியாகத் தொடங்கும். அதில் 9 ஐயும் 6 ஐயும் எழுதியதும், அதிகாரம் யார் கையில் இருந்தது என்று அடுத்த வரியிலேயே சொல்லும்.

மூன்றாம் பந்திக்கு நான் உதாரணம் தரவில்லை. இராஜகாரியம் நீங்கியும் தோட்டங்களுக்கு ஏன் கடல் தாண்டி ஆள் கொண்டுவர வேண்டி வந்தது என்ற கேள்வியை வைத்துக்கொண்டு எழுதிப் பாரும். வீட்டில் அம்மம்மாவிடமோ, மலையகத்திலிருந்து வந்த சிநேகிதியிடமோ கேட்டும் பார்க்கலாம். ஆனால் கேட்டதை அப்படியே சான்றாக எழுதாமல் பாடப்புத்தகத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளும்.

வியாழக்கிழமை வகுப்புக்குக் கொண்டுவாரும். அந்த இரண்டு பந்திகளுக்கு மட்டும் புதிதாகப் புள்ளி போட்டு, இந்தத் தாளிலேயே பழைய புள்ளிக்குப் பக்கத்தில் எழுதித் தருகிறேன்.