நாளை புதன் காலை 5 மணி ஷிப்ட்: உடம்பு முடியல, வர முடியாது. பொறுப்பு கார்த்திக்கிட்ட

மேடம், வணக்கம். இந்த நேரத்துல மெசேஜ் போடுறதுக்கு மன்னிச்சுக்கோங்க. ராத்திரி 8 மணியிலிருந்து வாந்தி, வயித்துப்போக்கு, காய்ச்சல் 101 இருக்கு. நாளைக் காலை டயாலிசிஸ் யூனிட்டுக்கு வர முடியாது. விடியறதுக்குள்ள கொஞ்சம் தெளிஞ்சாலும் வரக் கூடாதுன்னுதான் நினைக்கிறேன். இது வைரஸா இருந்தா வயித்துப்போக்கு நின்னு 48 மணி நேரம் ஆகுற வரைக்கும் மத்தவங்களுக்குப் பரவும். நம்ம பேஷண்ட்ஸ் எதிர்ப்பு சக்தி கம்மியானவங்க. அதனால புதன், வியாழன் ரெண்டு நாளும் லீவு வேணும். வெள்ளிக்கிழமை வரலாமா இல்லையான்னு வியாழன் சாயங்காலம் 5 மணிக்குள்ள சொல்லிடுறேன்.

5 மணி ஷிப்ட்டுக்கு கார்த்திக் வர்றார். இப்பதான் போன்ல பேசினேன், 4:45க்கு உள்ள இருப்பேன்னு சொல்லிட்டார். முத்துராஜைக் கேக்கல. அவர் ஈவினிங் ஷிப்ட் முடிச்சு 9:30க்குத்தான் கிளம்பினார், தூங்காம வந்து ஊசி போட வேண்டாம். கார்த்திக்கோட 11 மணி ஷிப்ட்டுக்கு ரமேஷ் 12 மணிக்கு வர முடியும்னு சொல்லியிருக்கார். நடுவுல அந்த ஒரு மணி நேரம் கார்த்திக்கே இருந்து பாத்துப்பார். ரோஸ்டர்ல இந்த மாத்தத்துக்கு நீங்க ஒரு 'சரி' மட்டும் போட்டா போதும். இன்னைக்கு ராத்திரி உங்ககிட்ட வேணுங்கிறது அது ஒண்ணுதான். மத்ததெல்லாம் காலையில பாத்துக்கலாம்.

கீழே இருக்கிறது கார்த்திக்குக்கும் செல்வி சிஸ்டருக்கும் அப்படியே அனுப்பியிருக்கேன். அதனாலதான் இவ்வளவு விவரம்.

முதல்ல தண்ணி. மெயின் லைன் வேலையால சாயங்காலம் சம்ப்ல ரெண்டு லாரி தண்ணி இறக்கியிருக்காங்க. மூடியைத் திறந்தப்பவே குளோரின் வாடை நல்லா அடிச்சுது. வழக்கமான தண்ணியைவிட இதுல குளோரின் நிச்சயம் ஜாஸ்தி. ஆர்.ஓ. மெம்பரேன் குளோரமைனைத் தடுக்காது, கார்பன் டேங்க்தான் பிடிக்கணும். நம்ம முதல் கார்பன் டேங்க்கை மாத்தற தேதியும் நெருங்கிடுச்சு. நாலு மணி நேர டயாலிசிஸ்ல ஒரு பேஷண்ட்டோட ரத்தத்துக்கு அந்தப் பக்கம் 120 லிட்டர் ஓடுது. குளோரமைன் தப்பி வந்தா சிவப்பணு உடையும், பேஷண்ட்டுக்கு மூச்சு வாங்குறப்பதான் நமக்குத் தெரியும். அதனால நாளைக்கு டோட்டல் குளோரின் ரீடிங்கை லாக் புக்ல எழுதி, கையெழுத்துப் போட்ட பிறகுதான் முதல் பேஷண்ட்டைப் படுக்க வைக்கணும். 6 மணிக்கு வந்தவங்க கொஞ்சம் சத்தம் போட்டாலும் பரவாயில்லை.

கார்த்திக், 4:50க்கு ஆர்.ஓ.வைப் போட்டு 15 நிமிஷம் ஓட விடுங்க. முதல் கார்பனுக்கும் ரெண்டாவது கார்பனுக்கும் நடுவுல இருக்கிற குழாய்ல ஒரு நிமிஷம் தண்ணியை விட்டுட்டு அப்புறம் சாம்பிள் எடுங்க. எடுத்த உடனே டெஸ்ட் பண்ணணும், வச்சிருந்தா குளோரின் பறந்து ரீடிங் குறைவாக் காட்டும். 10 மில்லிக்கு ஒரு பாக்கெட் பவுடர், 3 நிமிஷம் கழிச்சு ரீடிங். ஒண்ணு கவனமா இருங்க: டிராயர்ல ரெண்டு பெட்டி இருக்கு, ஒண்ணு ஃப்ரீ குளோரின், இன்னொண்ணு டோட்டல். பாக்கெட் ரெண்டும் பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும். ஃப்ரீ பாக்கெட்டைப் போட்டா குளோரமைன் முழுசாத் தெரியாது, தண்ணி கெட்டிருந்தாலும் பூஜ்ஜியம்னு காட்டலாம். டோட்டல் பெட்டி மேல சிவப்பு டேப் ஒட்டியிருக்கேன், அதை மட்டும் எடுங்க.

0.1 பி.பி.எம். வரைக்கும் இருந்தா வழக்கம் போல நடத்தலாம். அதைத் தாண்டினா ரெண்டாவது கார்பனுக்கு அப்புறம் இருக்கிற குழாய்ல சாம்பிள் எடுங்க. அங்க 0.1க்குள்ள இருந்தா ஷிப்ட்டை ஆரம்பிக்கலாம், ஆனா ஒவ்வொரு அரை மணிக்கும் அதே இடத்துல டெஸ்ட் பண்ணி எழுதணும், டாக்டருக்கும் மேடத்துக்கும் சொல்லிடணும், கார்பன் மாத்தற ஆளுக்கு 8 மணிக்கே போன் போகணும். ரெண்டாவதுலயும் தாண்டினா யாரையும் மெஷின்ல போடக் கூடாது. யாராவது ஓடிட்டிருக்கும்போது அப்படி வந்தா மெஷினை பைபாஸ்ல போட்டு டாக்டரைக் கூப்பிடுங்க. திவ்யா சாம்பிள் எடுக்கலாம், கூட நிக்கலாம். ஆனா ட்ரெயினி தனியா ரீடிங் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டாம்.

சாஃப்ட்னர்ல இன்னொரு விஷயம். மதியம் 3:10லிருந்து 4:30 வரைக்கும் கரண்ட் இல்ல. அந்த டைமர் ஜெனரேட்டர் லைன்ல இல்ல, பேட்டரியும் கிடையாது, அதனால கடிகாரம் 1 மணி 20 நிமிஷம் பின்னாடி ஓடுது. 1 மணிக்கு நடக்க வேண்டிய ரீஜெனரேஷன் 2:20க்குத்தான் ஆரம்பிக்கும், ஏறக்குறைய 3:50க்கு முடியும். ராத்திரி மறுபடி கரண்ட் போனா அது 5 மணி வரைக்கும் இழுக்கும். ஆர்.ஓ. போடறதுக்கு முன்னாடி சாஃப்ட்னர் தலையில முள் சர்வீஸ்ல நிக்குதான்னு பாருங்க. டிரெயின்ல தண்ணி போயிட்டிருந்தா ரீஜெனரேஷன் இன்னும் முடியலைன்னு அர்த்தம், முடியற வரைக்கும் காத்திருங்க. வேலை ஒழிஞ்சப்புறம் கடிகாரத்தைச் சரி பண்ணிடுங்க. ஹார்ட்னஸ் டெஸ்ட்டைக் காலையில ஒரு தடவை பண்றதோட விடாம, சாயங்காலம் ரமேஷும் கடைசி ஷிப்ட் முடியறப்ப ஒரு தடவை பண்ணட்டும். சாஃப்ட்னர் தளர்ந்துபோனா அப்பதான் காட்டும். உப்பு டேங்க்ல உப்பு தண்ணி மட்டத்துக்கு மேல தெரியணும், இன்னைக்குக் கம்மியா இருந்துது. ஸ்டோர்ல மூணு மூட்டை இருக்கு, ஒண்ணைக் கொட்டிடுங்க.

மெஷின் 4ஐ ஓட்ட வேண்டாம். கண்டக்டிவிட்டி டிஸ்பிளேல 14.0 காட்டுது, கை மீட்டர்ல பாத்தா 13.4தான். ரெண்டு தடவை பாத்துட்டேன். சிவப்பு டேக் மாட்டி பிளக்கைக் கழட்டியிருக்கேன். இன்ஜினியர் 10 மணிக்கு வர்றார், செல்வி சிஸ்டர் கூட இருந்து, வேலை முடிஞ்சதும் கை மீட்டர்ல சரிபார்த்து, சர்வீஸ் ரிப்போர்ட்ல கையெழுத்து வாங்கணும். அந்த பெட் பேஷண்ட்டை மெஷின் 9க்கு மாத்தியிருக்கு, அவருக்கும் போன்ல சொல்லியாச்சு.

பெட் 3 அம்மாவோட டயலைசர்ல முத்துராஜ் ஸ்ட்ரிப் போட்டுப் பாத்தப்ப மருந்து செறிவு போதாமக் காட்டியிருக்கு. 8:40க்கு மறுபடி பெராசிட்டிக் நிரப்பி வச்சிருக்கார். 11 மணி நேரம் உள்ள நிக்கணும், அது காலை 7:40க்குத்தான் முடியும். அவங்க ஷிப்ட் 6 மணி. அதனால அவங்களுக்குப் புது டயலைசர் போடுங்க, அலமாரி ரெண்டாவது தட்டுல எடுத்து வச்சிருக்கு. பழசைத் தூக்கிப் போட வேண்டாம், வெள்ளிக்கிழமைக்கு வச்சுக்கலாம். மத்தவங்களுக்கு வழக்கம் போல லேபிள்ல பேரை ரெண்டு பேர் சேர்ந்து படிச்சு, பிரைம் பண்ணினதுக்கு அப்புறம் ரெசிடியூல் ஸ்ட்ரிப் பாத்து, அப்புறம் கனெக்ட் பண்ணுங்க.

பெட் 6 ஐயாவுக்கு ஹெப்பாரின் கிடையாது. நாளை மதியம் அவருக்கு ஃபிஸ்டுலா ஆபரேஷன் இருக்கு. அரை மணிக்கு ஒரு தடவை 100 மில்லி சலைன் ஃப்ளஷ் கொடுக்கணும். நாலு மணி நேரத்துல ஏழு தடவை, மொத்தம் 700 மில்லி உள்ள போகும். அந்த 700ஐயும் யூ.எஃப். டார்கெட்ல சேருங்க, இல்லாட்டி டிரை வெயிட்டுக்கு மேலேயே வீட்டுக்குப் போவார். டிரிப் சேம்பர்ல கட்டி பிடிக்குதா, வீனஸ் பிரஷர் ஏறுதான்னு ஒவ்வொரு ஃப்ளஷ்லயும் பாக்கணும். இந்த ஒரு பேஷண்ட்டை மட்டும் செல்வி சிஸ்டர் நேரடியாப் பாத்துக்குறேன்னு சொல்லியிருக்காங்க.

11 மணிக்கு வர்ற புது பேஷண்ட்டோட ஹெபடைட்டிஸ் பி, சி ரிப்போர்ட் இன்னும் லேப்லயிருந்து வரல. காலை 7 மணிக்குத் தர்றோம்னு சொல்லியிருக்காங்க. திவ்யா 7:15க்கு லேப்புக்கு நேர்ல போய் வாங்கட்டும், வாட்ஸ்அப் படமா வந்தா ஏத்துக்காதீங்க. ரிப்போர்ட் பாக்காம பொது மெஷின்ல போட வேண்டாம். அவசரம்னு வந்தா எந்த மெஷின்ல போடலாம்னு டாக்டர் முடிவெடுக்கட்டும். எப்படியும் அவரோட டயலைசரை ரீயூஸுக்கு அனுப்பக் கூடாது.

பைகார்பனேட் கேன்ல நேத்து கலக்கினது பாதி மிச்சம் இருக்கு. அதைக் கொட்டிட்டுக் காலையில புதுசா கலக்குங்க. பவுடர் கரைஞ்சதும் நிறுத்திடணும், ரொம்ப நேரம் சுத்த விட்டா கார்பன் டை ஆக்சைடு போய் பி.எச். ஏறிடும். பார்ட் ஏ கேன் 14 இருக்கு, நாளைக்குப் போதும். வியாழனுக்கு வேணுங்கிற இன்டென்ட்டை நான் எழுதி வச்சிருக்கேன், கார்த்திக் 9 மணிக்கு ஸ்டோர்ல கொடுத்துடுங்க.

முதலமைச்சர் காப்பீட்டுல பெட் 2, பெட் 8 ரெண்டு பேருக்கும் அனுமதி இந்த வாரம் முடியுது. பேப்பர் முழுக்கத் தயார், என் மேஜைல நீல ஃபைல்ல இருக்கு. டாக்டர் கையெழுத்து மட்டும் பாக்கி. மேடம், டாக்டர் 9:30 ரவுண்ட்ஸ்ல வாங்கி இன்சூரன்ஸ் டெஸ்க்குக் கொடுத்துட்டீங்கன்னா அது நாளைக்கே முடிஞ்சுடும்.

கடைசியா ஒண்ணு. இன்னைக்கு நான் 6 மணி வரைக்கும் வேலை பாத்தேன், அப்ப வயிறு நல்லாத்தான் இருந்துது. ஆனாலும் ஸ்டாஃப் டாய்லெட், என் மேஜை, ஆர்.ஓ. ரூம் கைப்பிடி மூணையும் காலை 5 மணிக்குள்ள துடைக்கச் சொல்லியிருக்கேன். 5 சதவீத ஹைப்போ 20 மில்லி, தண்ணி ஊத்தி 1 லிட்டர் ஆக்கணும். இந்தக் கிருமிக்கு ஹேண்ட் ரப் போதாது, எல்லாரும் சோப்பு போட்டுக் கை கழுவட்டும். என்கூட மதியம் சாப்பிட்டது முத்துராஜும் திவ்யாவும். அவங்க ரெண்டு பேருக்கும் வயிறு சரியா இருக்கான்னு காலையில ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. திவ்யாவுக்கு முடியலைன்னா லேப் ரிப்போர்ட்டை செல்வி சிஸ்டர் வாங்கிடுவாங்க.

ஆர்.ஓ. ரூம் சாவி செக்யூரிட்டிகிட்ட இருக்கு, கார்த்திக் பேரை எழுதி வச்சாச்சு. என் போன் ரிங்லதான் இருக்கும். காலை 4:45லிருந்து 6:30 வரைக்கும் பக்கத்துலயே வச்சிருப்பேன், குளோரின் ரீடிங் வந்ததும் கார்த்திக் போட்டோ அனுப்புறார். அதுக்கு அப்புறம் தூங்கிடுவேன், ரொம்ப அவசரம்னா மட்டும் வீட்டு நம்பருக்கு அடிங்க. டாக்டர் சர்ட்டிபிகேட் நாளை மதியத்துக்குள்ள அனுப்பிடுறேன்.

சரவணன்
சீனியர் டயாலிசிஸ் டெக்னீஷியன்
செவ்வாய், இரவு 11:35