குறும்படத் தொடரைத் திரையிட அனுமதி வேண்டி தலைமையாசிரியருக்குக் கடிதம்

சங்கரன்கோவில்,
02.07.2025.

அனுப்புநர்:
மா. இசக்கிமுத்து,
போட்டோ ஸ்டூடியோ உரிமையாளர்,
சங்கரன்கோவில், தென்காசி மாவட்டம்.

பெறுநர்:
தலைமையாசிரியர் அவர்கள்,
அரசு மேல்நிலைப் பள்ளி,
சங்கரன்கோவில்.

பொருள்: 7, 8-ஆம் வகுப்பு மாணவர்களுக்கு நன்னெறிக் குறும்படங்கள் ஐந்தைத் திரையிட அனுமதி கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் தங்கள் பள்ளியின் முன்னாள் மாணவன். இப்போது கல்யாண வீடுகளுக்கு வீடியோ எடுப்பதுதான் தொழில். முகூர்த்தம் இல்லாத மாதங்களில் கேமரா சும்மாதான் கிடக்கும். அந்த நாட்களில் எங்கள் தெருப் பிள்ளைகளையே நடிக்க வைத்து ஐந்து குறும்படங்கள் எடுத்திருக்கிறேன். ஒவ்வொன்றும் ஆறு, ஏழு நிமிடம். ஐந்தையும் சேர்த்தால் 31 நிமிடம். இவற்றைத் தங்கள் மாணவர்களுக்குக் காட்ட அனுமதி வேண்டியே இக்கடிதம்.

ஐந்தும் பிள்ளைகளுக்கு அன்றாடம் நடக்கிற சங்கதிகள். வகுப்பில் ஒருவனுக்கு வைத்த பட்டப்பெயர் அவன் வீடு வரைக்கும் போய்விடுகிறது. தோழியின் போட்டோவை அவளைக் கேட்காமல் ஒருத்தி வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறாள். இரவல் வாங்கிய சைக்கிளை உடைத்துவிட்டு ஒருவன் ஒன்றும் தெரியாதவன்போல் நிறுத்திவிட்டு வருகிறான். ஒரு படம் காது கேளாத பாட்டியைப் பற்றியது. இன்னொன்று, பஸ்ஸில் கிடந்த 500 ரூபாய் நோட்டு.

அந்த 500 ரூபாய்ப் படத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பையன் பணத்தைக் கண்டக்டரிடம் கொடுப்பதாகவும் எல்லோரும் அவனைப் பாராட்டுவதாகவும்தான் முதலில் முடித்திருந்தேன். தெருப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டியபோது ஒரு சிறுமி, "கண்டக்டர் அதைப் பையில வச்சுக்கிட்டா என்ன செய்ய, மாமா?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. ஆனால் பிள்ளைகள் அரை மணி நேரம் சண்டை போட்டுப் பேசினார்கள். அன்றைக்கே அந்த முடிவை வெட்டி எடுத்துவிட்டேன். இப்போது பையன் நோட்டைக் கையில் பிடித்தபடி நிற்பதோடு படம் முடிகிறது. மற்ற நான்கிலும் அப்படியே, முடிவு பிள்ளைகளிடம் விடப்பட்டிருக்கிறது.

அதனால் படம் போடுவதைவிட, அதற்குப் பின் வரும் பேச்சுக்குத்தான் நேரம் வேண்டும். ஏழு நிமிடம் படம், அப்புறம் இருபது நிமிடம் மாணவர்கள் பேசட்டும். ஐந்தையும் ஒரே நாளில் போட்டால் வேடிக்கை பார்த்ததோடு சரி. வாரம் ஒன்றாக, வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் போடலாம் என்பது என் யோசனை: ஜூலை 18, 25, ஆகஸ்ட் 1, 22, 29. ஆடித்தபசு வாரத்தில் பாதிப் பிள்ளைகள் கோவில் பக்கம்தான் இருப்பார்கள். அடுத்த வெள்ளி சுதந்திர தினம். அதனால் இரண்டையும் விட்டிருக்கிறேன். வேறு நாட்கள் வசதி என்றாலும் சரிதான்.

வெளியாட்கள் பள்ளிக்கு வந்து மாணவர்களிடம் பேசுவது குறித்துத் தங்களுக்கு இருக்கும் பொறுப்பு எனக்குத் தெரியும். நான் மேடையேறிப் பேசப் போவதில்லை. கலந்துரையாடலை வகுப்பாசிரியரே நடத்தட்டும். நான் வரவே வேண்டாம் என்றாலும் பென் டிரைவைக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறேன். எந்த மதத்தையும் கட்சியையும் சாதியையும் பற்றி ஒரு வரிகூடப் படங்களில் இல்லை. என் ஸ்டூடியோ பெயரும் போடவில்லை. நடித்த பிள்ளைகளின் பெற்றோரிடம் எழுத்து மூலம் சம்மதம் வாங்கியிருக்கிறேன். எந்தக் கட்டணமும் கிடையாது.

முடிவெடுக்கும் முன் தாங்களும் ஆசிரியர்களும் ஐந்தையும் பார்த்துவிட வேண்டுகிறேன். பென் டிரைவை இத்துடன் இணைத்துள்ளேன். ஏதாவது ஒரு படம் சரியில்லை என்று தோன்றினால் அதை விட்டுவிடலாம். பட்டப்பெயர் படத்தை மட்டும் கூடுதல் கவனத்தோடு பாருங்கள். வகுப்பில் அப்படிப் பெயர் சுமக்கிற பிள்ளை யாராவது இருந்தால், எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்த்துவிடக் கூடாது. அது வகுப்பாசிரியருக்குத்தான் தெரியும்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் வைக்க வேண்டும் என்றாலோ, முதன்மைக் கல்வி அலுவலரிடம் அனுமதி பெற வேண்டும் என்றாலோ, அதற்கான விண்ணப்பத்தையும் எழுதித் தருகிறேன். மாதந்தோறும் சிறார் படம் போடும் அதே புரொஜெக்டர் போதும். ஸ்பீக்கர் சத்தம் பின்வரிசைக்குக் கேட்காது என்றால் என்னிடம் இருப்பதைக் கொண்டுவருகிறேன்.

தாங்கள் சொல்லும் நாளில், மாலை 4.30-க்கு மேல் நேரில் வந்து பார்க்கிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மா. இசக்கிமுத்து

இணைப்பு: குறும்படங்கள் அடங்கிய பென் டிரைவ் - 1, பெற்றோர் சம்மதக் கடிதங்களின் நகல்.