நம் ஊர் நூலகத்துக்கு ஒரு மேசை, எட்டு நாற்காலி

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். பொங்கலுக்கு வந்திருந்தபோது நூலக வாசலில் நின்று, "இப்பவும் கூட்டம் வருதா?" என்று கேட்டீர்கள். அன்று விடுமுறை, கதவு பூட்டியிருந்தது. அதனால் இந்தக் கடிதம்.

வருகிறது. ஆனால் நீங்கள் பார்த்த கூட்டம் இல்லை. வார இதழ் புரட்டுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். இப்போது வருவது பெரும்பாலும் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள். 200 கேள்விகளில் 100 தமிழ் என்பதால் ஆறாம் வகுப்பிலிருந்து பள்ளித் தமிழ்ப் புத்தகங்களை வரிசையாகக் கேட்கிறார்கள். எட்டாம் வகுப்புப் புத்தகத்துக்கு அட்டையே போய்விட்டது, நூலகர் காலண்டர் அட்டையை ஒட்டி வைத்திருக்கிறார்.

தையல் கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண் மதிய இடைவேளையில் வந்து ஒரு மணி நேரம் படித்துவிட்டுப் போகிறாள். நாற்காலி கிடைக்காத நாளில் திண்ணையில் உட்கார்ந்து, மடியில் நோட்டை வைத்துக் கணக்குப் போடுகிறாள். போன மாதிரித் தேர்வில் அவள்தான் முதல். கேட்டால், "திண்ணையில காத்து நல்லா வருது" என்கிறாள்!

'நூல்கள் பயன்பாட்டுக்கே' என்று 1931-இல் விதி எழுதிய எஸ்.ஆர். ரங்கநாதன் நம் பக்கத்துச் சீர்காழிக்காரர். அவர் விதிக்கு இங்கே குறையில்லை, உட்காரத்தான் இடமில்லை.

வாசகர் வட்டத்தில் பேசி முடிவு செய்தது இதுதான்: ஆறடி மேசை ஒன்று 7,500 ரூபாய், நாற்காலி எட்டு 6,800, மின்விசிறி இரண்டு 4,400. மொத்தம் 18,700. ஊருக்குள் 6,200 சேர்ந்துவிட்டது, மீதி 12,500. நாற்காலி ஒன்று 850 ரூபாய்தான். ஒன்றிரண்டு வாங்கிக் கொடுத்தாலும் சந்தோஷம். மேசைக்குத் தச்சரிடம் சொல்லியாகிவிட்டது, சித்திரைக்குள் தருவதாகச் சொல்கிறார். (அவர் சொல்கிற சித்திரை எது என்பது உங்களுக்கே தெரியும்.)

இந்த மாதம் தோதுப்படவில்லை என்றால் விட்டுவிடுங்கள், அதற்குப் பதில்கூட எழுத வேண்டாம். பணம் குறைந்தால் மின்விசிறியை அடுத்த கோடைக்குத் தள்ளிக்கொள்கிறோம். உங்கள் பிள்ளைகள் படித்து முடித்த தமிழ்வழிப் புத்தகங்கள் வீட்டில் இருந்தால், அடுத்த முறை வரும்போது கொண்டுவாருங்கள். எட்டாம் வகுப்பு இருந்தால் ரொம்ப நல்லது.

அனுப்புவதாக இருந்தால் வட்டத்தின் வங்கிக் கணக்கு விவரம் கூடவே வைத்திருக்கும் சீட்டில் இருக்கிறது. ரசீது தபாலில் வரும். வாங்கிய பொருட்களின் பில்லை நூலகப் பலகையில் ஒட்டிவிடுவோம். அதைப் படம் எடுத்து உங்களுக்கும் அனுப்புகிறேன்.

அண்ணியிடமும் பிள்ளைகளிடமும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
செயலாளர், வாசகர் வட்டம்